பெயரும் பெயர்ப்பலகையும் – ஒரு சிறுகதை பற்றிய மதிப்பீடு

ஈழத்துச் சிறுகதைகளிற் கடை என்பது புதிய களமன்று. கடனுக்குச் சாமான் கொடுத்துக் கழுத்தை நெரிக்கும் முதலாளியைக் காட்டுவதற்கும், ஊர்ப்புதினம் பேசுவோரை ஓரிடத்திற் கூட்டுவதற்கும் நம் எழுத்தாளர் பலர் கடையைப் பயன்படுத்தியுள்ளனர். எனினும் கடை நடத்துதல் என்ற தொழிலையே பொருளாகக் கொண்டு, அத்தொழிலின் உள்ளியக்கத்திலிருந்து ஒரு முரண்பாட்டைக் கண்டெடுக்கும் கதைகள் சிலவே. தமிழ்ச் சங்கத்தின் சிறுகதை அரங்கில், ஆசிரியர் பெயர் அறிவிக்கப்படாமல் வாசிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியொன்று அத்தகைய முயற்சி என்ற வகையிற் கவனத்திற்குரியது. அது இன்னும் அச்சேறவில்லை. ஆதலின் அதன் கதைப்போக்கைச் சற்று விரிவாகக் கூறிய பின்னரே மதிப்பீட்டினுள் நுழைதல் பொருந்தும்.

வடமராட்சியிலுள்ள ஒரு சிறிய சந்தி. அங்கே முப்பது ஆண்டுகளாக ‘முருகன் ஸ்ரோர்ஸ்’ என்ற பலசரக்குக் கடை நடைபெறுகின்றது. அக்கடையிற் பதினொரு ஆண்டுகள் வேலை செய்த பொடியன் ஒருவன் விலகிச் சென்று, இரண்டு ஆண்டுகளின் பின் அதே சந்தியின் மறுபக்கத்திற் கடை திறக்கின்றான். அதன் பலகையிலும் ‘முருகன் ஸ்ரோர்ஸ்’ என்றே எழுதப்படுகின்றது. ‘நியூ’ என்ற சொல் மாத்திரம் மூலையிற் சிறிய எழுத்திற் காணப்படுகின்றது. பழைய கடைக்காரர் வர்த்தகர் சங்கத்திடம் முறையிடுகிறார். சுவாமியின் பெயரை ஒருவர் தமக்கெனக் குத்தகை எடுக்க முடியுமா என்று அங்கே கேட்கின்றார்கள். வணிகப்பெயர்ப் பதிவுச் சான்றிதழைச் சட்டத்துடன் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு பருத்தித்துறையிலுள்ள சட்டத்தரணியிடம் செல்கிறார். அங்கும் பயனில்லை. இறுதியிற் கொழும்பு மொத்த வியாபாரி, ஒரே ஊரில் ஒரே பெயரில் இரு கணக்குகளை வைத்திருக்க இயலாதென்றும், மாத முடிவிற்குள் யாராவது ஒருவர் பெயரை மாற்ற வேண்டுமென்றும் அறிவிக்கின்றார். மாற்றுபவர் பழைய கடைக்காரரே. பலகை சுரண்டப்பட்டு, அவரது சொந்தப் பெயர் அதில் எழுதப்படுகின்றது. பின்னர் வாடிக்கையாளர் ஒவ்வொருவராகத் திரும்பி வருகின்றனர், எதிர்க்கடை பூட்டப்படுகின்றது. கதை நிறைவுறுகின்றது.

இக்கதையின் வலிமை எங்கே உள்ளது, அது எங்கே தன் பொருளைத் தானே கைவிடுகின்றது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

முதலிற் கவனிக்கத்தக்கது பாத்திர வார்ப்பிற் கையாளப்பட்டுள்ள ஓர் உத்தி. கதை முழுவதிலும் கடைக்காரருக்குச் சொந்தப் பெயர் வழங்கப்படவில்லை. ஊரார் அவரை ‘முருகன் ஸ்ரோர்ஸ்காரர்’ என்றும், சுருக்கமாக ‘முருகண்ணை’ என்றும் அழைக்கின்றனர். கலியாண அழைப்பிதழின் உறையிலும் அப்பெயரே எழுதப்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுநகரங்களில் இது உண்மையான வழக்கம். கடையின் பெயர் ஆளின் பெயராகி, பின் அவர் பிள்ளைகளின் அடைமொழியாகவும் ஆகிவிடுவதுண்டு. இவ்வழக்கத்தை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. உரையாடலின் வழியே இயல்பாகப் பதியவிடுகின்றார். எதிர்க்கடை திறந்த ஒரு வாரத்திற்குள் ‘முருகண்ணை’ என்று கூப்பிட்டால் எந்த முருகண்ணை என்று கேட்கும் நிலை உருவாகின்றது. பலகையிலிருந்த பெயர் மாத்திரமன்றி, ஊருக்குள் அவரைக் குறித்த சொல்லும் அவர் கையைவிட்டுப் போகின்றது. வணிகத் தகராறு ஒன்று மனிதப் பிரச்சினையாக மாறும் இடம் இது.

இரண்டாவதாக, பெயர் மயக்கம் எவ்வாறு நட்டமாக மாறுகின்றது என்பதைக் கதை படிப்படியாகக் காட்டுகின்றது. போட்டிக் கடையினால் வியாபாரம் குறைந்தது என்று ஒரு வரியில் முடித்துவிடுதல் எளிது. ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவிலிருந்து வரும் லொறி பன்னிரண்டு மூடை அரிசியையும் மூன்று மூடை சீனியையும் புதிய கடையில் இறக்கிவிட்டுப் போகின்றது. அதே வாரத்தில் இரு கடைகளும் மொத்த வியாபாரியிடம் சாமானுக்குச் சொல்லியிருந்தமையால், இது தனது சரக்கே என்று எண்ணிப் புதிய கடைக்காரன் சிட்டையிற் கையொப்பமிடுகின்றான். ஆனாற் கொழும்பிற் கணக்கு எழுதப்படுவது பழைய கடையின் பெயரில். சரக்கு ஓரிடத்திலும் கடன் வேறோரிடத்திலுமாக எட்டு நாட்கள் கழிகின்றன. இதில் எவரும் திருடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஒரு பெயர் இரண்டு இடங்களைச் சுட்டுகின்றது, அவ்வளவே. கெட்ட எண்ணம் இல்லாத இடத்திலும் நட்டம் நேரும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துவதால், கதையின் பிற்பகுதியில் வரும் வில்லத்தனங்களைவிட இது வலிமையுடையதாக உள்ளது.

இவற்றுக்கெல்லாம் மேலாக அமைவது மிளகாய்த்தூட் காட்சி. ஒரு கிழவி மிளகாய்த்தூட் சரையொன்றைக் கொண்டுவந்து, செங்கல் தூள் கலந்திருக்கின்றது என்று மேசைமீது வைக்கின்றாள். அது தம் கடையில் வாங்கப்பட்டதன்று என்பது கடைக்காரருக்குச் சரை சுற்றிய தாளைக் கண்ட உடனேயே தெரிகின்றது. எனினும் அவர் மறுவார்த்தை பேசாது காசைத் திருப்பிக் கொடுக்கின்றார். ஏன்? அது என் கடைச் சாமானன்று என்று கூறினால், முப்பது ஆண்டு வாடிக்கையாளர் ஒருவரைப் பொய்யரென்று சொன்னதாக முடியும். காசைக் கொடுத்தாலோ, குற்றம் தம்முடையது என்று ஒப்புக்கொண்டதாக முடியும். மறுத்தாலும் நட்டம், ஏற்றாலும் நட்டம். இரண்டாவது வழி கிழவியின் மனத்தில் இரு கடைகளையும் ஒன்றாகவே ஆக்கிவிடுகின்றது. அவர் அதை அறிந்தே செய்கின்றார். கடைக்காரரின் நேர்மையே அவரது பெயரை அழிக்கும் கருவியாக மாறும் இக்காட்சியில் ஆசிரியர் ஒரு சொல்லைக்கூட விளக்கத்திற்குச் செலவிடவில்லை. கிழவி போன பின் அவர் அந்தத் தாளை மடித்து இலாச்சியினுள் வைக்கின்றார் என்பதோடு காட்சி முடிகின்றது. கதையின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

இவ்விடத்து ஒரு பொதுக் கருத்து தெளிவாகின்றது. கடையின் பெயர் பலகையில் இருப்பதன்று. அது வாங்குவோரின் நினைவில் இருக்கும் ஒரு நம்பிக்கையின் சுருக்கக் குறியீடு. நிறை சரியாக இருக்கும், பழுது வந்தால் மாற்றித் தரப்படும், மாத முடிவுவரை கொப்பியில் எழுதலாம் என்ற பல அனுபவங்கள் சேர்ந்து ஒரு சொல்லாகின்றன. அச்சொல்லை நகலெடுப்பவன் எழுத்துக்களை எடுப்பதில்லை. அந்த அனுபவங்களின் பயனை எடுக்கின்றான். இதைக் கருத்தாகக் கூறாது நிகழ்ச்சியாகக் காட்டியமையே கதையின் முதற்பாதியின் வெற்றி.

ஆனாற் சட்டத்தரணியின் அலுவலகத்தில் நிகழும் பகுதியிற் கதை தடுமாறுகின்றது. அங்கே சட்டத்தரணி இரண்டு விடயங்களைச் சொல்கின்றார். முதலாவது, பதிவுச் சான்றிதழ் பெயரின்மீது உரிமை தரும் உறுதிப்பத்திரமன்று என்பது. இது சரியானது. 1918ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க வணிகப்பெயர்க் கட்டளைச்சட்டத்தின் நோக்கம், தன் சொந்தப் பெயரல்லாத வேறொரு பெயரில் வணிகம் நடத்துபவர் யார் என்பதைப் பொதுமக்கள் அறியச் செய்வதே. கடன் கொடுத்தவரும் வழக்காட வேண்டியவரும் ஆளை அடையாளங் காண்பதற்கான ஏற்பாடு அது. அச்சான்றிதழைப் பிள்ளையார் படத்திற்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்த கடைக்காரர், அதைக் காணி உறுதி போன்றதாக நம்பியிருந்தார். நம் ஊர்க் கடைக்காரர் பலரும் நம்புவது அவ்வாறே. அந்நம்பிக்கை உடையும் தருணத்தை ஆசிரியர் நன்கு எழுதியிருக்கின்றார்.

சட்டத்தரணி சொல்லும் இரண்டாவது விடயமே தவறானது. பதிவு உரிமை தராது, ஆகவே சட்டத்தில் வழியே இல்லை என்று அவர் கையை விரிக்கின்றார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் வணிகப்பெயரைப் பதிவு இல்லாமலே பாதுகாக்கின்றது. பொதுமக்களை மயங்கச் செய்யக்கூடிய முறையில் மற்றொருவர் பின்னர் அப்பெயரைக் கையாளுவதை அது சட்டத்திற்கு மாறானதாகக் கொள்கின்றது. ஆங்கிலச் சட்ட மரபிலும், தன் சரக்கைப் பிறன் சரக்காகக் காட்டுதல் என்ற தீங்கு நீண்ட காலமாகவே வழக்குக்குரியது. அங்கே முறையிடுபவர் மூன்றை நிறுவ வேண்டும்: தம் பெயருக்கு நன்மதிப்பு உண்டு என்பது, எதிராளியின் செயல் மக்களை மயக்குகின்றது அல்லது மயக்கக்கூடியது என்பது, அதனால் தமக்கு நட்டம் நேர்ந்தது அல்லது நேரக்கூடும் என்பது.

கதையில் நேர்ந்த ஒரு சட்டப் பிழையைச் சுட்டுவது மாத்திரம் இங்கு நோக்கமன்று. அப்பிழையினாற் கதை எதை இழந்தது என்பதே முக்கியமானது. அம்மூன்று தேவைகளையும் கதையின் நிகழ்ச்சிகளோடு பொருத்திப் பார்த்தால், ஆசிரியர் கையில் எத்தகைய பொருள் இருந்தது என்பது புலப்படும். நன்மதிப்பை நிறுவுவதற்கு, ‘முருகன்’ என்ற பொதுப்பெயர் அந்தச் சந்தியில் அந்தக் கடையையே குறித்தது என்று காட்ட வேண்டும். தெருவுக்கொரு முருகன் பெயர் காணப்படும் நாட்டில் அது எளிதன்று. வர்த்தகர் சங்கத்தாரின் கேள்வி கேலியாகத் தோன்றினும், உண்மையில் வழக்கின் மையத்தைத் தொடுவது அதுவே. மயக்கத்தை நிறுவுவதற்கு மயங்கியவர் சாட்சி சொல்ல வேண்டும். மிளகாய்த்தூள் கொண்டுவந்த கிழவியே சிறந்த சாட்சி. ஆனால் அவளுக்கு உரிய பதிலைச் சொல்லாது காசைத் திருப்பிக் கொடுத்தவர் கடைக்காரரே. தம் நேர்மையாலேயே அவர் தம் சாட்சியை அழித்துவிட்டார். எஞ்சிய வாடிக்கையாளர்களோ இரு கடைகளிலும் கொப்பி வைத்திருப்பவர்கள். ஒரு கடன்காரருக்கு எதிராக இன்னொரு கடன்காரருக்காக நீதிமன்றப் படியேறுபவர் யார்? நட்டத்தை நிறுவக் கணக்குப் புத்தகம் வேண்டும். கடைக்காரரிடம் இருப்பது பென்சிலால் எழுதி, காசு கிடைத்ததும் வெட்டிவிடும் கொப்பிகளே.

ஆகவே சட்டத்தில் வழி இல்லை என்பதன்று உண்மை. வழி உண்டு, அவ்வழியே நடப்பதற்கு வேண்டியவை அவரிடம் இல்லை. உரிமை இல்லாதவனின் துயரத்தைவிட, உரிமை இருந்தும் அதை நிலைநாட்டும் கருவிகள் இல்லாதவனின் துயரம் ஆழமானது. சமூக அமைப்பின் இயல்பை வெளிப்படுத்துவதும் அதுவே. சட்டத்தரணி உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் வாசகரை முன்னைய காட்சிகளுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். இலாச்சியினுள் மடித்து வைக்கப்பட்ட தாள் அப்பொழுது மீண்டும் பொருள் பெற்றிருக்கும். கதை அந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல், சட்டம் குருடு என்ற பழகிய முடிவுக்குச் செல்கின்றது.

அடுத்துப் போட்டியாளன் பற்றிய பகுதி. பதினொரு ஆண்டுகள் அக்கடையில் வேலை செய்தவன் என்ற செய்தியை ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டு, ஆசிரியர் அதன்பின் அதை முற்றாக மறந்துவிடுகின்றார். பிற்பகுதியில் அவன் தராசைத் தட்டுபவன், கலப்படம் செய்பவன், பழைய முதலாளியைக் கண்டாற் காறித் துப்புபவன். நன்றி கெட்டவன் என்ற ஒற்றை அடைமொழியினுள் அவன் முழுமையாக அடங்கிவிடுகின்றான். இது பாத்திரப் படைப்பின் குறைபாடு மாத்திரமன்று. கதையின் பொருளைப் பற்றிய நோக்கின் குறைபாடுமாகும்.

ஏனெனில், பெயர் என்பது வாங்குவோரின் அனுபவங்களின் தொகுப்பு என்று கதையே நமக்குக் காட்டியது. அந்த அனுபவங்களை உண்டாக்கியவர் யார்? கல்லாவில் இருந்தவர் முதலாளி. நிறுத்துக் கொடுத்தவனும், மூடையைச் சைக்கிளில் ஏற்றிக் கிழவிகளின் வீட்டுத் திண்ணைவரை கொண்டுபோய் இறக்கியவனும், எந்த வீட்டில் எந்த அரிசி உண்பார்கள் என்பதை நினைவில் வைத்திருந்தவனும் அந்தப் பொடியனே. இவையெல்லாம் கதையின் முதற்பக்கத்திலேயே போகிற போக்கிற் கூறப்பட்டுள்ளன. அப்படியாயின் ‘முருகன் ஸ்ரோர்ஸ்’ என்ற பெயரிற் பதினொரு ஆண்டு உழைப்பு அவனுடையதாகவும் இருக்கின்றது. அவன் விலகும்போது அதற்குரிய பங்கு எதுவும் கிடைக்கவில்லை. பலகையிற் பெயரை எழுதும்போது அவன் திருடுகின்றானா, அல்லது தன்னுடையது என்று எண்ணியதை எடுத்துக்கொள்கின்றானா? இரண்டு விடைக்கும் இடமுண்டு. அவனது செயல் நியாயமானது என்று சொல்ல வேண்டியதில்லை. மக்களை மயக்குவது மயக்குவதே, கலப்படம் கலப்படமே. ஆனால் அக்கேள்வி எழுந்திருந்தால், பழைய கடைக்காரரின் துயரம் குறைந்திராது. அது சிக்கலானதாக, அதனால் மேலும் உண்மையானதாக ஆகியிருக்கும்.

இவ்விடத்து வி. எஸ். நைபாலின் ‘பேக்கரின் கதை’ என்ற சிறுகதையை ஒப்புநோக்குவது பயன்தரும். 1967இல் வெளிவந்த ‘தீவில் ஒரு கொடி’ என்ற அவரது தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. திரினிடாட்டில் வாழும் கறுப்பின மனிதன் ஒருவன் சீனர்களின் வெதுப்பகத்தில் வேலை செய்து தொழிலைக் கற்றுக்கொள்கின்றான். பின் சொந்தமாக வெதுப்பகம் திறக்கின்றான். பாண் நன்றாகவே இருக்கின்றது; வாங்குவார்தாம் இல்லை. அத்தீவில் எந்தத் தொழிலை எந்த இனத்தவர் செய்வார் என்ற எதிர்பார்ப்பு மக்கள் மனத்தில் ஊறியிருப்பதை அவன் கண்டுகொள்கின்றான். சீனச் சாயலுள்ள ஒருவனை முன்னால் நிறுத்தி, சீனப் பெயர்போல் ஒலிக்கும் பெயரைக் கடைக்குச் சூட்டி, தான் பின்கட்டில் மறைந்து நின்று வெற்றி பெறுகின்றான். அங்கும் கற்றுக்கொண்ட வேலையாளே கடைக்காரன் ஆகின்றான். அங்கும் பெயர், வாங்குவோரின் எதிர்பார்ப்பைப் பிடிக்கும் தூண்டில். ஆனால் நைபால் கதையை அந்த மனிதனின் வாயாலேயே சொல்ல வைக்கின்றார். வெற்றியின் பெருமையும், தன் கடையின் முன்வாயிலில் தான் நிற்க முடியாத அவமானமும் ஒரே குரலில் ஒலிக்கின்றன. சிரித்துக்கொண்டே வாசிக்கும் வாசகர், தாம் எதற்குச் சிரிக்கின்றார் என்பதை உணரும்போது சங்கடப்படுகின்றார்.

இரு கதைகளின் பொருளும் ஒன்றன்று, சூழலும் வேறு. எனினும் ஒரு வேறுபாடு நமக்குப் பாடமாகின்றது. நைபாலிற் பெயர் பற்றிய பிரச்சினை தனி மனிதனின் குணத்திலிருந்து பிறப்பதில்லை. வாங்குவோர் சமூகத்தின் பழக்கத்திலிருந்து பிறக்கின்றது. நம் கதையிலும் லொறி நிகழ்ச்சி வரையில் நிலைமை அவ்வாறே இருந்தது. பின்னர் ஆசிரியர் பிரச்சினை முழுவதையும் ஒருவனின் தீய குணத்தில் ஏற்றிவிடுகின்றார். அந்தக் கணத்திலிருந்து கதை சமூக யதார்த்தத்தை விட்டு நீதிக்கதையின் பாதையிற் செல்லத் தொடங்குகின்றது.

இப்போக்கு முற்றுப்பெறுவது முடிவில். பெயர் மாற்றும் கட்டாயம் எவ்வாறு வருகின்றது என்பதை ஆசிரியர் மிகச் சரியாகவே கண்டிருக்கின்றார். நியாயம் யார் பக்கம் என்பது மொத்த வியாபாரிக்கு அக்கறையில்லாத விடயம். கணக்கேட்டில் இரு பெயர்கள் வேறாக இருத்தல் வேண்டும் என்பதே அவரது தேவை. புதியவன் கைக்காசு கொடுத்துச் சரக்கு எடுக்கின்றான். பழையவரோ மூன்று மாதக் கடனில் நிற்கின்றார். ஊருக்குக் கடன் கொடுத்தவர் கொழும்புக்குக் கடன்பட்டிருக்கின்றார். யாருடைய பெயர் முதலில் வந்தது என்பதன்று, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கின்றார் என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது. வணிக உலகின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறுவது கடினம்.

பின் பலகை எழுதுபவர் வருகின்றார். பழைய எழுத்துக்களைச் சுரண்டுகின்றார். முப்பது ஆண்டு வெயிலில் மற்றைய இடமெல்லாம் வெளுத்துவிட, எழுத்து இருந்த இடம் மாத்திரம் கருமையாகத் தெரிகின்றது. என்ன பெயர் எழுதுவது என்று கேட்கின்றார். கடைக்காரர் தம் சொந்தப் பெயரைச் சொல்லச் சற்று நேரம் எடுக்கின்றது. அதுவரை வாசகரும் அதைக் கேட்டதில்லை. கதை இங்கே முடிந்துவிட்டது.

ஆனால் ஆசிரியர் நிறுத்தவில்லை. மேலும் ஒரு பக்கம் தொடர்கின்றது. நல்ல சரக்கை நாடி மக்கள் திரும்புகின்றனர். கெட்ட சரக்கை விற்றவன் கடையை மூடுகின்றான். பெயர் போனாலும் குணம் போகாது என்ற கருத்து நிலைநாட்டப்படுகின்றது. இம்முடிவு வாசகருக்கு ஆறுதல் தருவது. ஆயின் அது உண்மையா?

பெயரை நகலெடுத்தமையால் தம் கடைப்பெயரை மாற்றிய வணிகரின் வரலாறொன்று சீனாவில் உண்டு. ஹாங்சோ நகரில் ‘சாங் தாலோங்’ என்ற பெயரிற் கத்தரிக்கோற் கடையொன்று நடைபெற்றது. இரும்பினுள் உருக்கைப் பதித்து அடிக்கப்பட்ட அதன் கத்தரிக்கோல்கள் புகழ்பெறவே, அயலிலுள்ளோரும் அதே பெயரைத் தத்தம் கடைகளுக்குச் சூட்டிக்கொண்டனர். தாங்க முடியாத நிலையில் 1663இற் கடையின் பெயர், தந்தைக்குப் பின் அதை நடத்திய மகனின் சொந்தப் பெயரான ‘சாங் சியாவ்சுவான்’ என மாற்றப்பட்டதென்று அக்கடையின் மரபு வரலாறு கூறுகின்றது. பொதுவான மங்கலச்சொல்லை விட்டுத் தன் பெயரையே வைத்தால் எவரும் எடுக்க மாட்டார் என்பது எதிர்பார்ப்பு. நம் கதையின் கடைக்காரர் செய்ததும் அதுவே. நடந்தது என்ன? அப்பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறை, உண்மையான கடை இதுவே என்று காட்டுவதற்காகப் பெயரோடு வேறோர் அடையாளச்சொல்லைச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதுவும் போதவில்லை. 1876இல் அக்குடும்பத்தார் ஆட்சியதிகாரியிடம் முறையிட்டு, அப்பெயரைப் பிறர் கையாளக் கூடாதென்ற தடையைக் கல்லிற் பொறித்து நாட்டச் செய்தனர். முதற் பெயர்மாற்றத்திற்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் இருநூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள்.

இவ்வரலாறு தெளிவாக்குவது ஒன்றே. பெயர் மாற்றம் முடிவன்று. எந்தப் பெயரில் நம்பிக்கை சேர்கின்றதோ அந்தப் பெயர் நகலெடுக்கத் தகுந்ததாகின்றது. புதிய பெயர் பாதுகாப்பாக இருப்பது, அதில் இன்னும் எவரும் நம்பிக்கை வைக்காதவரையில் மாத்திரமே. சரக்கு நன்றாக இருந்தமையே ஹாங்சோக் கடையின் துன்பத்திற்குக் காரணமாயிற்று. குணம் பெயரைக் காக்கும் என்று நம் கதை முடிகின்றது. குணமே பெயரை இரைக்குரியதாக்கும் என்று அந்த வரலாறு சொல்கின்றது. கதையின் முதற்பாதியும் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. தம் நேர்மையினாலே சாட்சியை இழந்த ஒரு மனிதரை உருவாக்கிய ஆசிரியர், அவரது நேர்மைக்குப் பரிசளித்து முடிப்பது தாம் கண்ட உண்மைக்குத் தாமே செய்யும் அநீதியாகும்.

வாடிக்கையாளர் திரும்பி வருதல் நடவாத காரியமன்று. ஆனால் அவர்கள் திரும்புவது பழைய பெயரைத் தேடியா, புதிய பெயரை நம்பியா, அல்லது எதிர்க்கடையிற் கொப்பி நிறைந்துவிட்டதனாலா? கடனைக் கணக்கிலெடுத்துக் கட்டாயத்தை விளக்கிய ஆசிரியர், மீட்சியை விளக்கும்போது கடனை மறந்துவிடுகின்றார். கடைசிப் பக்கத்தில் ஒரு கொப்பியும் காணப்படவில்லை என்பது தற்செயலானதன்று.

மொழிநடை பற்றியும் சுருக்கமாகக் குறிப்பிடல் வேண்டும். உரையாடல்கள் வடமராட்சிப் பேச்சுவழக்கில் இயல்பாக அமைந்துள்ளன. பழைய வேலையாள் முதலாளியை இன்னமும் ‘முதலாளி’ என்றே விளிக்கின்றான். முதலாளியோ அவனை முதலில் ‘தம்பி’ என்றும், பின்னர் எந்த விளியும் இன்றியும் பேசுகின்றார். உறவு அறுந்தமையை இவ்விளி மாற்றமே உணர்த்திவிடுகின்றது. ஆனால் ஆசிரியர் கூற்றாக வரும் பகுதிகளில், குறிப்பாகக் கடைசிப் பக்கத்தில், வாக்கியங்கள் மேடைப்பேச்சின் ஓசையைப் பெறுகின்றன. நம்பாத ஒன்றைச் சொல்லும்போதே எழுத்தாளரின் குரல் உயர்கின்றது என்று ஐயுற இடமுண்டு.

சுருங்கக் கூறின், இக்கதையினுள் இரு கதைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு சொல்லில் முப்பது ஆண்டு நம்பிக்கை எவ்வாறு சேர்கின்றது, அது எவ்வாறு எவர் குற்றமும் இன்றிச் சிதறுகின்றது, அதைச் சேர்த்தவர்களுள் யாருக்கு அது உரியது என்று வினவும் கதை. மற்றையது, நல்லவன் வெல்வான் என்று கூறும் கதை. முதலாவதை எழுதத் தொடங்கியவர் இரண்டாவதை எழுதி முடித்திருக்கின்றார். அச்சுக்குக் கொடுக்குமுன் கடைசிப் பக்கத்தை நீக்கி, சட்டத்தரணியின் இரண்டாவது விடையைத் திருத்தி, பதினொரு ஆண்டுகள் பற்றிய அந்த ஒரே வாக்கியத்திற்கு உரிய இடத்தைக் கொடுப்பாராயின், அண்மையில் எழுதப்பட்ட நல்ல கதைகளுள் ஒன்றாக இது நிற்கும். சுரண்டிய பலகையில் எஞ்சியிருந்த கருமையை அவர் கண்டிருக்கின்றார். அதன்மேல் அவசரமாகப் புதிய வண்ணம் பூசாது விடுதலே இனி அவர் செய்ய வேண்டியது.